மேலுரமாய்க் கொடுத்த மாத்திரை

வில்லியனூர், பாகூர் பக்கம் நெல் போடுகிறவர்களிடம் போய்ப் பாவாடையைத் தெரியுமா என்று கேட்டால், எந்தப் பாவாடை என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஊர்களில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. யூரியாக்காரர் என்று சொன்னால் போதும், உடனே தெரிந்துவிடும். வில்லியனூரில் ஓர் உரக்கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறார். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருப்பார், கும்பல் என்னவோ பாவாடையைச் சுற்றித்தான் நிற்கும்.

அப்பா காலத்திலேயே நிலம் கைவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் மண்ணைப் பற்றிய பேச்சு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. விவசாயிகள் சட்டைப் பையில் ஒரு நெல் தாளை மடித்து எடுத்து வருவார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுனி மஞ்சளா, நடு மஞ்சளா, அடித்தாளா, கொழுந்தா என்பதை வைத்தே என்ன குறை என்று சொல்லிவிடுவார். சொன்னது பெரும்பாலும் பலிக்கும். பலிக்காதபோது மண் சரியில்லை என்பார். அதையும் நம்புவார்கள். அதனால் அவருக்குக் கர்வம் ஏறிப்போனதில் ஆச்சரியமில்லை.

யூரியா விஷயத்தில் அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். மொத்தமாகக் கொட்டாதே, மேலுரமாகப் பிரித்துப் போடு. பயிர் வெளுத்தால் போடு, பச்சை பிடித்தால் கையை மடக்கு. மிஞ்சினால் இலை கருகும், புகையான் பூச்சி வந்து உட்காரும். இதைத் தினமும் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பார். நெல்லுக்கு இது சரியான பேச்சு. அவர் அதை நெல்லோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் வீடு. மனைவி தாமரைச்செல்வி சொந்தத் தாய்மாமன் மகள். இவரை இன்றைக்கும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ஷிப்டுக்கு விடியும் முன்பே கம்பெனி வேன் வந்துவிடும். ஒரே மகள் துர்கா. இப்போது பதினோரு வயது.

துர்கா பிறந்து முதல் சில மாதம் கொழுகொழுவென்று இருந்தாள். அப்புறம் ஒரு நாள் திடீரென்று இரண்டு கை விரல்களும் வீங்கிக்கொண்டு ராத்திரி பகலாக வீறிட்டாள். கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்கள். சுளுக்கு என்று எண்ணெய் தடவினார்கள். வளர வளர வலி விரலை விட்டுக் காலுக்குப் போனது, இடுப்புக்குப் போனது. மழையில் நனைந்தால் வரும், காய்ச்சல் வந்தால் வரும், கடற்கரைக்குக் கூட்டிப்போய் அலையில் நின்றால் அன்றைக்கே வரும். பள்ளிக்கூடத்தில் நடிக்கிறாள் என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பெயர் தெரிந்தது. சிக்கிள் செல். தாய் தகப்பன் இருவரிடமும் பாதிப்பாதி ஒளிந்திருந்தது பிள்ளையிடம் முழுசாகச் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் நிர்மலா விளக்கினார். சொந்தத்தில் கட்டியவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கேட்டுக்கொண்டார்கள்.

நிர்மலா பொறுமைசாலி. ஒரு தாளில் வட்டமாக ஒன்று, அரிவாளாக ஒன்று வரைந்து காட்டினார். நம் ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் இருப்பது ஹீமோகுளோபின். துர்காவுடைய ஹீமோகுளோபின் பிராணவாயுவை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி நீள நீளமாகக் கம்பி பிடித்துவிடுகிறது. அந்தக் கம்பி உள்ளேயிருந்து குத்துவதால் அணு வளைந்து விறைத்துப் போய், மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைக்கிறது. அடைத்த இடத்தில்தான் வலி. ஆனால் தாய் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் உண்டு, சிசு வகை. அது இந்தக் கம்பியில் சேராது, இடையில் நின்று கம்பி பிடிக்க விடாமல் கெடுத்துவிடும். பிறந்த பிறகும் சில மாதம் அது ரத்தத்தில் இருக்கிறது. துர்கா ஆரம்பத்தில் வலியில்லாமல் இருந்தது அதனால்தான். அப்புறம் உடம்பு சிசு வகையைச் செய்வதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். மறுபடி அதைச் செய்ய வைக்க ஒரு மருந்து இருக்கிறது என்று சொல்லி நிர்மலா மருந்தின் பெயரைச் சொன்னார். ஹைட்ராக்ஸியூரியா.

அந்த நீளமான பேச்சில் பாவாடை முழுசாகப் பிடித்துக்கொண்டது கடைசி மூன்று எழுத்தைத்தான். தாமரைச்செல்வி பயந்தாள். இவர் சிரித்தார். உரம் வேறு, இது வேறு, பெயரில்தான் ஒட்டு உறவு என்று டாக்டர் சொல்லியும் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம், "என் கைக்கு வராத யூரியாவா, நான் பாத்துக்கறேன்" என்றார். காலையில் அவள் வேனுக்குப் போய்விடுவதால் மாத்திரை கொடுக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

முதலில் ஒழுங்காகத்தான் கொடுத்தார். குறை சொல்வதற்கில்லை. இட்லிக்குப் பிறகு ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. நான்கைந்து மாதத்தில் வலி வருவது தள்ளிப்போனது, பிறகு வரவே இல்லை. சிசு வகை முதலில் நூற்றுக்கு ஏழு என்று இருந்தது, இருபதைத் தாண்டிவிட்டது என்று நிர்மலாவே சந்தோஷப்பட்டார். துர்கா பள்ளி விளையாட்டு விழாவில் ஓடினாள். கடைசியாகத்தான் வந்தாள். அதைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் பேசினார்கள்.

அப்போதுதான் பாவாடை அவள் நகங்களைப் பார்த்தார். கட்டை விரலில் கருப்பாக நீளக் கோடு, மற்ற விரல்களிலும் இலேசாகக் கருமை. இந்த மருந்தில் நகம் கருக்கலாம், பயப்பட வேண்டாம் என்று நிர்மலா முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் பாவாடையின் கண்ணுக்கு அது நகமாகத் தெரியவில்லை. உரம் மிஞ்சிக் கருகிய இலை நுனியாகத் தெரிந்தது. பிள்ளை தேறிவிட்டாள், பயிர் பச்சை பிடித்துவிட்டது, இனி போட்டால் கேடு என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. இருபது வருஷமாக ஊரே அவரைத்தான் கேட்கிறது, அவர் யாரைப் போய்க் கேட்பார்!

மறுநாளிலிருந்து மாத்திரை மேலுரமாயிற்று. கண் மஞ்சளித்தால் கொடுப்பார், கால் வலிக்கிறது என்றால் நாலு நாள் கொடுப்பார், தெளிந்தால் நிறுத்துவார். மிஞ்சிய அட்டைகளைப் பீரோ மேல் ஒரு பையில் போட்டு வைத்தார். மனைவியிடம் சொன்னால் பயப்படுவாள் என்று சொல்லவில்லை. துர்காவிடம் மட்டும், டாக்டர் கேட்டால் தினமும் என்று சொல்லு, இல்லாவிட்டால் அப்பாவைத் திட்டுவார்கள் என்று விளையாட்டாகச் சொல்லி வைத்தார். அவள் தலையாட்டினாள்.

அடுத்தடுத்த பரிசோதனையில் சிசு வகை இறங்கிக்கொண்டே வந்தது. தினமும் கொடுக்கிறீர்களா என்று நிர்மலா கேட்டபோது பாவாடை கொஞ்சமும் தயங்காமல் ஆமாம் என்றார். பிள்ளை வளர்ந்து எடை கூடிவிட்டது, அதனால் அளவு போதவில்லையோ என்று டாக்டர் அளவை ஏற்றி எழுதினார். பாவாடைக்கு அதைப் பார்த்ததும் மனசுக்குள் கேலிதான் வந்தது. புதுசாக வந்த வேளாண்மை ஆபீசர்களும் இப்படித்தான், எதற்கெடுத்தாலும் மூட்டையை ஏற்றிச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் துர்கா பள்ளியிலிருந்து நனைந்து வந்தாள். சாயங்காலம் தொடையில் ஆரம்பித்த வலி முதுகெலும்பு முழுக்கப் பரவியது. பாவாடை மாத்திரையை எடுத்து ஓடினார். ஒன்று கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கொடுத்தார். அது வலியைக் கொல்கிற மாத்திரை இல்லை, மாசக்கணக்கில் ரத்தத்தை மாற்றுகிற மாத்திரை என்பது அந்த நேரத்தில்கூட அவருக்கு உறைக்கவில்லை. பிள்ளை தொடப்போனாலே அலறினாள். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வார்டில் சலைன் ஏற்றினார்கள், மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள், வலிக்குக் கனமான ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள்தான் துர்கா தானாகத் திரும்பிப் படுத்தாள். அன்று மத்தியானம் நிர்மலா ரிப்போர்ட்டோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சிசு வகை கிட்டத்தட்டப் பழையபடி எட்டுக்கு வந்துவிட்டது. இந்த மருந்து ஒழுங்காக உள்ளே போனால் சிவப்பணு பருத்துத் தெரியும், அதுவும் பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது. நிர்மலா பாவாடையைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்.

"துர்கா, மாத்திரை தினமும் சாப்பிடுறியா? உண்மையைச் சொல்லும்மா. யாரும் திட்ட மாட்டாங்க."

துர்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பாவாடை ஜன்னலைப் பார்த்தார்.

"தினமும் சாப்பிடுறேன் டாக்டர். ஒரு நாள்கூட விடல."

நிர்மலா ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். பிறகு தாமரைச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லச் சொன்னார். ஏற்றிய அளவிலும் பலன் இல்லையென்றால் இந்த உடம்புக்கு இந்த மருந்து பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு அப்படி ஆவதுண்டு. நாளைக் காலை ரவுண்டில் எல்லா டாக்டர்களும் கூடிப் பேசி இதை நிறுத்திவிட்டு, மாதாமாதம் ரத்தம் ஏற்றலாமா என்று முடிவு செய்வோம். ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு தங்கும், அதற்கு வேறு மருந்து வேண்டும், ஆனால் வேறு வழி தெரியவில்லை என்றார்.

தாமரைச்செல்வி திரும்பி வந்து, டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துர்கா அம்மாவின் தலையைத் தடவி, "என் உடம்புதாம்மா சரியில்ல" என்றாள்.

இந்த இடத்தில் பாவாடை வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கடையில் மண் சரியில்லை என்று அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அவர் பெற்ற பிள்ளை தன் உடம்பையே அப்படிச் சொல்லிக்கொள்கிறது. டீக்கடை வாசலில் நின்றபோது அவருக்குக் காது இரண்டும் எரிந்தன. அவமானம் என்றால் நாலு பேர் முன்னால் வருவது என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். யாருக்கும் எதுவும் தெரியாதபோதே அது இப்படி வரும் என்று அவருக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து ராஜவேல் வந்து சேர்ந்தார். பாகூர்க்காரர், கடைக்கு வாடிக்கை. அவருடைய அக்கா பேரன் அதே வார்டில் மூன்றாவது கட்டிலில் இருந்தான். பாவாடையைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, போன சாகுபடிப் பட்டத்தில் இவர் சொன்னபடி யூரியாவைப் பிரித்துப் போட்டதில் பயிர் தப்பியதைச் சொன்னார். டீக்கடைக்காரரிடமும் பக்கத்தில் நின்றவர்களிடமும், பயிரைப் பார்த்தே வைத்தியம் சொல்லுவார் என்று அறிமுகம் செய்துவைத்தார். பாவாடை பிளாஸ்கை நீட்டி, சீக்கிரம் டீயை ஊற்றச் சொன்னார். வேறொரு நாளாக இருந்தால் அரை மணி நேரம் நின்று பேசியிருப்பார்.

மறுநாள் காலை ரவுண்டுக்கு நிர்மலாவோடு நாலைந்து டாக்டர்கள் வந்தார்கள். கட்டில் அருகே நின்று இங்கிலீஷில் பேசினார்கள். ஒருவர் பேனாவைத் திறந்தார். எழுதிவிட்டால் முடிந்தது என்று பாவாடைக்குப் புரிந்தது. மூன்றாவது கட்டிலில் ராஜவேல் மரியாதையாக எழுந்து நின்றுகொண்டிருந்தார். தாமரைச்செல்வி மகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"எழுதாதீங்கம்மா" என்றார் பாவாடை. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நான் குடுக்கல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன கொடுக்கவில்லை என்று நிர்மலா கேட்டார்.

"மாத்திரைய. நகம் கருத்துச்சு. யூரியா மிஞ்சிப்போச்சுன்னு நெனச்சிட்டேன். வெளுத்தா குடுப்பேன், தேறுனா நிறுத்திடுவேன். பயிருக்குப் போடுற மாதிரி. பாப்பாவ பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். அது உடம்புல ஒரு கொறையும் இல்ல."

ராஜவேல் மெல்ல உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டார். அவர் தன்னை நிமிர்ந்து பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பாவாடைக்கு இருந்தது. தாமரைச்செல்வியின் கை மகளின் தலையில் அப்படியே நின்றுவிட்டது. அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நிர்மலாவுக்குக் கோபம் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவர் அதை அடக்கிக்கொண்டார். நீங்கள் சொன்னதை நம்பி அளவை ஏற்றினேன், அந்த அளவை நீங்கள் திடீரென்று சோதனையும் இல்லாமல் கொடுத்திருந்தால் வெள்ளையணு எண்ணிக்கை விழுந்து பிள்ளைக்கு வேறு ஆபத்து வந்திருக்கும் என்றார். பாவாடை தலையைக் குனிந்தபடி நின்றார். பிறகு நிர்மலா பேனாக்காரரிடம் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

"பயிர்க் கணக்கிலேயே சொல்றேன், கேளுங்க. நீங்க மேலுரம் போட்டா அறுவடை வரைக்கும் அதே பயிர்தான் வயல்ல நிக்கும். இங்க அப்படி இல்ல. துர்காவோட சிவப்பணு ரெண்டு மூணு வாரம்கூட உயிரோட இருக்கிறது கஷ்டம். பழசு சாகச் சாக எலும்புக்குள்ள தினமும் புது நாத்து முளைக்குது. முளைக்கிற நேரத்துல இந்த மருந்து இருந்தாத்தான் அது சிசு வகையோட முளைக்கும். நீங்க நிறுத்துன நாள்ல முளைச்சதெல்லாம் வெறும் அரிவாளா முளைச்சுச்சு."

பாவாடை நிமிர்ந்து பார்த்தார். நாற்று தினமும் முளைக்கும் வயல் என்று ஒன்று இருக்க முடியும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லையே.

ஒரு நல்லது மட்டும் நடந்தது. மருந்து தோற்கவில்லை, கொடுத்த மாதங்களில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்று டாக்டர்கள் ஒப்புக்கொண்டார்கள். பழைய அளவிலிருந்து, ரத்தம் பார்த்துப் பார்த்து, மறுபடி தொடங்கினார்கள். தாமரைச்செல்வி கம்பெனியில் கேட்டு ஷிப்டை மாற்றிக்கொண்டாள். மாத்திரை இப்போது அவள் கையிலிருந்துதான் போகிறது. அவரிடம் பேசுகிறாள், சோறு போடுகிறாள், ஆனால் மாமா என்று கூப்பிட்டு ரொம்ப நாளாயிற்று. கடையிலும் முன்போல இல்லை. யாராவது நெல் தாளை நீட்டினால், ஆபீசரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். என்னவோ ஆகிவிட்டது யூரியாக்காரருக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். ராஜவேல் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதுவும் அவரைக் குத்துகிறது.

அடுத்த ஐப்பசி வரை துர்காவுக்கு ஒரே ஒரு முறை வலி வந்தது, வீட்டிலேயே அடங்கிவிட்டது. சிசு வகை மறுபடி இருபதைத் தொட்டது. ஆஸ்பத்திரியில் நிர்மலா பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, பாவாடையைப் பார்த்து இந்தத் தடவை பரவாயில்லை என்று சிரித்தார். அவருக்கு அந்தச் சிரிப்பைத் திருப்பித் தரத் தெரியவில்லை.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒரு வருஷமாகக் கேட்கப் பயந்ததை மகளிடம் கேட்டார். அன்றைக்கு அவ்வளவு வலியிலும், யாரும் திட்ட மாட்டார்கள் என்று டாக்டர் சொன்ன பிறகும், ஏன் பொய் சொன்னாய்?

துர்கா இதிலென்ன கேள்வி என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"எனக்கு வலி பழக்கம்பா. உனக்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்ல."

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். பாவாடை நெல்லித்தோப்பு வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.